தண்ணி நல்லா இருக்கு



போன மாதம் மதுரையிலிருந்து வைகை எக்ஸ்பிரஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து வரிசையில் எழுபதைத் தாண்டிய ஒரு தம்பதி. திண்டுக்கல் தாண்டியதும் காபி வந்தது. பெரியவர் இரண்டு வாங்கி ஒன்றை மனைவியிடம் நீட்டினார். அந்த அம்மா கப்புக்குள் எட்டிப் பார்த்தார். பாதிதான் இருந்தது. நிமிராமலே, "சாமியார் வந்துட்டுப் போயிருக்காரு" என்றார்.

அவ்வளவுதான். பெரியவர் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. கையிலிருந்த காபி தளும்பி வேட்டியில் கொட்டியது. அதைப் பார்த்து அந்த அம்மா சிரிக்க, இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஜன்னலோரம் இருந்த கல்லூரிப் பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. "என்ன பாட்டி, எங்களுக்கும் சொல்லுங்களேன்" என்றாள்.

சொன்னார்கள். கல்யாணமான புதிதில் பழனிக்குப் போயிருக்கிறார்கள். அடிவாரத்தில் ஒரு டீக்கடை. எங்கிருந்தோ வந்த ஒரு சாமியார், கேட்கவும் இல்லை, கொள்ளவும் இல்லை, பெரியவர் கையிலிருந்த கிளாஸை வாங்கிப் பாதியைக் குடித்துவிட்டு, "போதும், மிச்சத்தை நீ சாப்பிடு" என்று ஆசீர்வாதம் செய்வதுபோலத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாராம். இதைச் சொல்லி முடிக்க மணப்பாறை வந்துவிட்டது. எந்தக் கடை, கிளாஸா டம்ளரா, சாமியாருக்குத் தாடி இருந்ததா என்று நடுநடுவே இருவருக்கும் வாக்குவாதம் வேறு. முடிவில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் மறுபடி சிரித்தார்கள். அந்தப் பெண் மரியாதைக்குப் புன்னகைத்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் எனக்கும் சிரிப்பு வரவில்லை. ஆனால் விழுப்புரம் வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

கதை முழுவதும் காதில் விழுந்தது. விளக்கமும் கிடைத்தது. அப்படியும் ஏன் அது எங்களுக்கு வந்து சேரவில்லை? அதே கதை ஐம்பது வருஷம் கழித்தும் அவர்களுக்கு மட்டும் ஏன் ஆறாமல் சூடாகவே இருக்கிறது? இந்த இதழில் நான் உங்களோடு பேச நினைப்பது இதைத்தான்.

நம் இலக்கணக்காரர்கள் சிரிப்பை லேசாக எடுத்துக்கொண்டவர்கள் இல்லை. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டைச் சொல்லும்போது முதலில் வைத்ததே நகையைத்தான். அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கு இடங்களிலிருந்து பிறக்கும் என்றார். கேலி, சிறுபிள்ளைத்தனம், அறியாமை, ஏமாளித்தனம் என்று இன்றைய பேச்சில் சொல்லலாம். பழனி சாமியார் கதையில் இந்த நான்கில் குறைந்தது இரண்டு இருக்கிறது. ஆனாலும் ரயிலில் எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை என்றால், அந்த ஜோக்கின் சரக்கு சாமியாரிடம் இல்லை என்றுதானே அர்த்தம்?

அதற்கான விடை இன்னொரு இலக்கணத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் குழூஉக்குறி என்று படித்தோமே, நினைவிருக்கிறதா? பொற்கொல்லர்கள் பொன்னைப் 'பறி' என்பார்கள், யானைப்பாகர்கள் ஆடையைக் 'காரை' என்பார்கள் என்று தமிழாசிரியர் உதாரணம் சொல்லியிருப்பார். ஒரு குழு தனக்குள் மட்டும் புழங்க, ஊருக்குப் பொதுவான சொல்லுக்கு வேறொரு பொருளை ஏற்றி வைத்துக்கொள்வது. குழு என்றால் பத்துப் பேராவது வேண்டும் என்று எந்த இலக்கணமும் சொல்லவில்லை. இரண்டே பேர் கொண்ட குழுவின் குழூஉக்குறிதான் 'சாமியார்'. கணவன் மனைவிக்குள் ஓடும் தனி ஜோக்குகள் பெரும்பாலும் ஜோக்கே இல்லை. அவை சொற்கள். இருவர் மட்டும் பேசும் ஒரு மொழியின் அகராதியில் உள்ள சொற்கள்.

இந்தச் சொற்கள் எப்படி உருவாகின்றன என்பதை ஆய்வுக்கூடத்தில் கிட்டத்தட்டக் கண்ணெதிரே பார்த்திருக்கிறார்கள். ஹெர்பர்ட் கிளார்க், டியானா வில்க்ஸ்-கிப்ஸ் என்ற இருவர் 1986-ல் வெளியிட்ட சோதனை அது. இரண்டு பேரை நடுவில் தடுப்பு வைத்து உட்கார வைத்தார்கள். ஆளுக்குப் பன்னிரண்டு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு விநோத உருவம். கட்டங்களும் முக்கோணங்களும் சேர்ந்து மனிதன் மாதிரியும் இருக்கும், கொக்கு மாதிரியும் இருக்கும், எதுவாகவும் இல்லாமலும் இருக்கும். ஒருவர் தன் அட்டைகளின் வரிசையை வாயால் சொல்ல, மற்றவர் தன் அட்டைகளை அதேபோல் அடுக்க வேண்டும். இதையே ஆறு தடவை செய்ய வேண்டும்.

முதல் தடவை ஓர் உருவத்தைச் சொல்ல சராசரியாக 41 வார்த்தைகள் தேவைப்பட்டன. 'பனிச்சறுக்கு ஆடுகிற ஆள் மாதிரி இருக்கும், ஆனால் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டிருப்பான்' என்ற தினுசில் நீட்டி முழக்க வேண்டியிருந்தது. ஆறாவது தடவை 8 வார்த்தை போதுமாக இருந்தது. 'பனிச்சறுக்குக்காரன்' என்றால் அட்டை வந்துவிடும். இந்தப் பெயரை ஒருவர் வைத்து மற்றவர் ஏற்றுக்கொள்ளவில்லை. ஒருவர் ஏதோ சொல்ல, இன்னொருவர் சந்தேகம் கேட்க, திருத்த, தலையாட்ட, நடுவில் எங்கோ அந்தப் பெயர் இருவருக்கும் சொந்தமாகிவிட்டது.

மூன்று வருஷம் கழித்து மைக்கேல் ஷோபர் என்பவரும் கிளார்க்கும் இன்னொன்று செய்து பார்த்தார்கள். இப்படிப்பட்ட உரையாடலை முதலிலிருந்து கடைசிவரை ஒட்டுக்கேட்க மூன்றாவது ஆளை வைத்தார்கள். அவருக்கும் அதே அட்டைகள். ஒரு வார்த்தை விடாமல் கேட்டும், அவரால் பேச்சில் கலந்துகொண்டவர் அளவுக்குச் சரியாக அடுக்க முடியவில்லை. நடுவில் கேள்வி கேட்டு, 'இதையா சொல்றே?' என்று சேர்ந்து வளர்த்தவருக்குத்தான் அந்தச் சொல் முழுசாக வசப்படுகிறது. ஜன்னலோரப் பெண்ணுக்கும் எனக்கும் நடந்தது இதுதான். பழனிக் கதையை நாங்கள் ஒட்டுக்கேட்டோம். அவர்கள் அதை வளர்த்தார்கள்.

இப்போது என் வீட்டுக் கதை ஒன்று. தலைப்பைப் பார்த்துவிட்டு எப்போது வரும் என்று காத்திருப்பீர்கள்.

1996. கல்யாணமாகி இரண்டு மாதம். திருச்சி உறையூரில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்தோம். என் கணவரின் தாய்மாமா அருப்புக்கோட்டையிலிருந்து முதன்முதலாக வீட்டுக்கு வந்தார். குடும்பத்தில் எல்லாரும் பயப்படும் மனிதர். சாப்பாட்டில் குறை கண்டால் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவார் என்று என்னை ஏற்கெனவே எச்சரித்திருந்தார்கள். சாம்பார், கத்தரிக்காய்ப் பொரியல் எல்லாம் தாண்டி ரசம் வந்தது. ஒரு வாய் சாப்பிட்டார். நிறுத்தினார். இன்னொரு வாய் சாப்பிட்டார். நான் தூணோரமாக நின்றுகொண்டு, கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டேன்.

"ரசம் எப்படி மாமா இருக்கு?"

அவர் என்னைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், பக்கத்திலிருந்த டம்ளரைப் பார்த்தார். அப்புறம் நிதானமாகச் சொன்னார்: "உங்க ஊர்ல தண்ணி நல்லா இருக்கும்மா. காவேரித் தண்ணியாச்சே."

என் கணவருக்குப் புரை ஏறிவிட்டது. மாமா போன பிறகு அடுப்படிக்குள் போய்ப் பார்த்தால், புளி ஊறப் போட்ட கிண்ணம் ஜன்னல் திண்டில் அப்படியே இருக்கிறது. பருப்புத் தண்ணீரில் தக்காளியையும் மிளகு சீரகத்தையும் தட்டிப்போட்டுக் கொதிக்க வைத்து இறக்கியிருக்கிறேன். புளி இல்லை. அந்தப் படபடப்பில் உப்பும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அந்தக் கிண்ணத்தைக் கையில் எடுத்துப் பார்த்து, மாமாவின் குரலிலேயே, "தண்ணி நல்லா இருக்கும்மா" என்றார். அழுதுகொண்டே சிரித்தேன்.

அன்றைக்கு அது வெறும் சம்பவம். அடுத்த நாள் அவர் அலுவலக நண்பர் வந்தபோது முழுக் கதையையும் சொன்னோம். பத்து நிமிஷம் ஆனது. ஒரு மாதம் கழித்து உறவுக்காரர் வீட்டுப் பெண்ணின் வீணைக் கச்சேரிக்குப் போனோம். பெண்ணின் அம்மா வந்து எப்படியிருந்தது என்று கேட்டார். "பொண்ணுக்கு மேடை பயமே இல்லைங்க" என்றேன். வெளியே வந்ததும் அவர், "நீயும் மாமா மாதிரி ஆயிட்டே" என்றார். ஒரு வாக்கியமாகச் சுருங்கிவிட்டது. ஒரு வருஷத்தில் அது "தண்ணி" என்ற ஒற்றைச் சொல்லாயிற்று. நண்பர் புதிதாகக் கட்டிய வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போது, கல்யாண ஆல்பத்தை முழுதாகப் புரட்டி முடித்தபோது, எனக்கு மட்டும் கேட்கும்படி "தண்ணி" என்பார். பிறகு வார்த்தையும் போய்விட்டது. பக்கத்தில் டம்ளர் இருந்தால் அதை ஒரு விரலால் லேசாகத் தள்ளுவார். போதும். நாற்பத்தோரு வார்த்தை எட்டாகச் சுருங்கியது என்று பிற்பாடு படித்தபோது, எங்கள் வீட்டில் அது ஒரு விரலாகச் சுருங்கியதே என்று நினைத்துக்கொண்டேன்.

கவனித்தீர்களா, சுருங்கச் சுருங்க அதன் பொருள் அகன்றுகொண்டே போயிருக்கிறது. முதலில் அது கெட்டுப்போன ரசம். பிறகு, நன்றாக இல்லாததை மனம் நோகாமல் பாராட்டுவது. அப்புறம், 'இங்கே நாம் நடிக்க வேண்டியிருக்கிறது, எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்' என்ற சேதி. இந்தக் கடைசிப் பொருளுக்குத் தமிழில் ஒற்றைச் சொல் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எங்களிடம் இருந்தது.

ஒரு நல்ல ஜோக்கைக் கேட்டால் நாம் ஜோக்கை எடை போடுகிறோம். புதுசா, பழசா, கடைசியில் எதிர்பாராத திருப்பம் இருக்கிறதா என்று பார்க்கிறோம். சொல்கிறவர் யாராக இருந்தாலும் சரி. இரண்டாவது தடவை கேட்டால் சலிப்பு. தம்பதியின் ஜோக்கில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அதில் திருப்பமே கிடையாது. நூறாவது தடவைதான் முதல் தடவையைவிட அதிகச் சிரிப்பு. அது சொல்லப்படும்போது உள்ளே ஒரு கேள்வி ஓடுகிறது: அன்றைக்கு நீ என்னோடு இருந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? சிரிப்புதான் அதற்குப் பதில். எத்தனை நாள் சேர்ந்து வாழ்ந்தோம் என்பதற்கு வேறு ரசீது கிடையாது.

இது என் கற்பனை மட்டுமில்லை. 2007-ல் டோரிஸ் பஸினி என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் 52 ஜோடிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சில ஜோடிகளிடம் சேர்ந்து சிரித்த தருணங்களை நினைவுகூரச் சொன்னார்கள். சிலரிடம் தனியாக, மற்றவர் இல்லாதபோது சிரித்ததை. இன்னும் சிலரிடம், சிரிப்பு என்று இல்லாமல் பொதுவாக நடந்த நல்ல விஷயங்களை. பிறகு உறவில் எவ்வளவு திருப்தி என்று கேட்டபோது, சேர்ந்து சிரித்ததை நினைத்தவர்கள் மற்றவர்களைவிட அதிகம் சொன்னார்கள். நல்ல நாட்களை நினைத்தவர்களுக்குக்கூட அந்த ஏற்றம் இல்லை. அதாவது பழைய சந்தோஷத்தை எண்ணிப் பார்ப்பதைவிடப் பழைய சிரிப்பை எண்ணிப் பார்ப்பது நெருக்கமாக்குகிறது. தம்பதியின் தனி ஜோக் இந்த வேலையை ஒரு நாளைக்கு நாலு தடவை செய்துவிடுகிறது, யாரும் உட்கார்ந்து நினைவுகூராமலே.

கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2017-ல் இதுபோன்ற 39 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். பெண் பார்க்கும்போதும் மாப்பிள்ளை பார்க்கும்போதும் 'நல்லா ஜோக் அடிப்பாரு' என்று சொல்கிறோமே, அந்தத் தனித் திறமைக்கும் உறவின் திருப்திக்கும் பெரிய சம்பந்தம் தெரியவில்லை. இருவரும் சேர்ந்து உருவாக்கிக்கொள்ளும் விளையாட்டுக்கும் சிரிப்புக்கும்தான் சம்பந்தம் வலுவாக இருந்தது. ஊரையே சிரிக்க வைக்கும் மனிதர் வீட்டுக்குள் நுழைந்ததும் பேசாமடந்தை ஆகிவிடுவதை நாம் பார்த்ததில்லையா? மேடைச் சிரிப்பு ஒருவர் தனியாகச் செய்கிற காரியம். இது இருவர் கூட்டுப் பயிர்.

இந்தச் சொற்களை வைத்துக்கொண்டு தம்பதிகள் என்ன செய்கிறார்கள்? ராபர்ட் ஹாப்பர், மார்க் நாப், லோரல் ஸ்காட் ஆகிய மூவர் 1981-லேயே நூற்றுக்கும் மேற்பட்ட ஜோடிகளிடம் கேட்டு, தம்பதிகளின் தனிச்சொற்களை எட்டு வகையாகப் பிரித்தார்கள். செல்லப்பெயர், அன்பைச் சொல்வது, செல்லத் திட்டு, வெளியாருக்கு வைக்கும் பட்டப்பெயர், அந்தரங்கப் பேச்சு என்று போகிறது அந்தப் பட்டியல். எனக்கு முக்கியமாகப் பட்டவை இரண்டு. ஒன்று, எதையாவது செய்யச் சொல்லிக் கேட்பது. இன்னொன்று, குறையைச் சொல்வது. நேராகச் சொன்னால் முகம் சுளிக்க வைக்கிற விஷயங்கள் இவை.

இது நம் பாட்டிகளுக்கு ஆய்வு இல்லாமலே தெரியும். என் அப்பாவைப் பெற்ற பாட்டி தாத்தாவின் பெயரைச் சொன்னது கிடையாது. நடுக்கூடத்தில் பதினாலு பேர் படுத்திருக்கும் வீட்டில் புருஷனிடம் தனியாக ஒரு வார்த்தை பேச இடமும் கிடையாது. அதனால் பாட்டி பூனையிடம் பேசுவார். "ஏ பூனை, மணி எட்டாச்சு, சாப்பிட வரதில்லையா?" திண்ணையில் இருக்கும் தாத்தா எழுந்து வருவார். "இந்தப் பூனைக்கு வரவர வாய் நீண்டுபோச்சு" என்று தாத்தா முனகுவார். சாடை பேசுவது என்று அதற்குப் பெயர் இருக்கிறது. வேறு வழியில்லாததால் வந்த பழக்கம்தான். ஆனால் அந்தப் பூனை செத்து, வேறு பூனையும் வளர்க்காமல், வீட்டில் அவர்கள் இருவர் மட்டும் மிஞ்சிய பிறகும் பாட்டி பூனையிடம்தான் பேசினார். அப்போது அது கட்டாயம் இல்லை, விளையாட்டு. பேத்தி எனக்குப் பூனை எங்கே என்று தேடுவதே வேலை.

வள்ளுவர் 'குறிப்பறிதல்' என்ற ஒரே பெயரில் இரண்டு அதிகாரங்கள் வைத்திருக்கிறார். ஒன்று பொருட்பாலில், பிறர் மனத்தில் உள்ளதை முகம் பார்த்து அறிவது. இன்னொன்று காமத்துப்பாலில். அரசவையில் இருப்பவனுக்கும் காதலனுக்கும் ஒரே திறமைதான் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. பாட்டியின் பூனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

குறை சொல்ல இந்தத் தனிச்சொல் எப்படி உதவும் என்பதற்கு என் அனுபவம். பத்திரிகையில் சேர்ந்து நான் எழுதிய முதல் கட்டுரையை அவரிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு பக்கம் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கட்டுரைக்குப் பக்கத்தில் வைத்தார். 'கட்டுரை நன்றாக இல்லை' என்று சொல்லியிருந்தால் ஒரு வாரம் பேசியிருக்க மாட்டேன். டம்ளரைப் பார்த்ததும் முதலில் சிரிப்புதான் வந்தது. சிரித்து முடித்த பிறகு உட்கார்ந்து திரும்ப எழுதினேன். அந்த டம்ளருக்குள் இரண்டு விஷயம் இருந்தது. இது சரியில்லை என்பது ஒன்று. சரியில்லாத ரசத்தை வைத்த நாளிலும் நான் உன் பக்கம்தானே இருந்தேன் என்பது இன்னொன்று. இரண்டாவது இருந்ததால் முதலாவதை விழுங்க முடிந்தது.

தம்பதிகள் சண்டை போடுவதை வருஷக்கணக்கில் வீடியோ எடுத்து ஆராய்ந்தவர் ஜான் காட்மன். சண்டை நடுவே சூட்டைத் தணிக்க ஒருவர் செய்யும் சின்னச் சின்ன முயற்சிகளை அவர் முக்கியமாகச் சொல்கிறார். ஒரு கோணங்கித்தனம், ஒரு பழைய வேடிக்கை வார்த்தை, எதுவாகவும் இருக்கலாம். அதை மற்றவர் ஏற்றுக்கொள்கிறாரா, தட்டிவிடுகிறாரா என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்கிறார். தனி ஜோக் இதற்குத் தோதான கருவி. ஆனால் நேரம் பார்க்க வேண்டும். நிஜமாகவே காயப்பட்டிருக்கும் மனுஷியிடம் காயத்தைக் கேட்காமல் பழைய ஜோக்கை நீட்டினால், அது சமாதானமாகப் படாது. வாயை அடைப்பதாகத்தான் படும். எங்கள் வீட்டிலும் டம்ளர் ஒருமுறை தட்டிவிடப்பட்டிருக்கிறது. தட்டியது நான்தான்.

அதைவிட மோசமாக அது ஒருமுறை திசைமாறியதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பொங்கலுக்கு மாமியார் வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். நான் செய்த வத்தக்குழம்பைப் பரிமாறும்போது, கூட்டத்தின் குஷியில் அவர் சத்தமாக, "தண்ணி நல்லா இருக்கும்மா!" என்று சொல்லிவிட்டார். ஒருவர் ஏன் என்று கேட்க, ரசத்தின் கதை முழுவதும் சபைக்கு வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நாத்தனார், "அண்ணி சமையல் அன்னைக்கும் அப்படித்தானா?" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

சொல் அதேதான், சொன்னவரும் அதே மனிதர்தான். ஆனால் இரண்டு பேருக்கு நடுவே இருந்தபோது அது மாமாவைப் பற்றியது, எங்கள் பயத்தைப் பற்றியது, புளிக் கிண்ணத்தைப் பற்றியது. இருபது பேருக்கு நடுவே வந்ததும் அது என்னைப் பற்றியதாகிவிட்டது. தொல்காப்பியரின் நான்கில் பேதைமை போய் எள்ளல் வந்து உட்கார்ந்துகொண்டது. தனி ஜோக் கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் இதுதான் வழி. கெட்டுப்போனதை அறியவும் அடையாளம் உண்டு. யார் முகம் முதலில் மலர்கிறது என்று பாருங்கள். நல்ல நிலையில் இருக்கும் ஜோக்கில் இருவரும் முதலில் ஒருவரையொருவர் பார்ப்பார்கள், பிறகுதான் சிரிப்பார்கள். கெட்டுப்போனதில் சொன்னவர் கூட்டத்தைப் பார்ப்பார், மற்றவர் தரையைப் பார்ப்பார். எப்போதும் ஒருவரே சொல்லி, இன்னொருவருடைய தவறையே அது சுட்டிக்கொண்டிருந்தால், அது ஜோக் என்ற பெயரில் நடக்கும் வேறு விஷயம்.

அன்று இரவு அவர் மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் ஏறக்குறைய ஒரு வருஷம் அந்தச் சொல்லை நாங்கள் இருவருமே எடுக்கவில்லை. பிறகு எப்படித் திரும்பி வந்தது தெரியுமா? ஒரு கிரகப்பிரவேசத்தில் நான்தான் முதலில் டம்ளரைத் தள்ளினேன். காயப்பட்டவர் எடுத்தால்தான் அது திரும்பி வரும். மற்றவர் எடுத்தால் வராது.

கெடாமலே காணாமல் போவதும் உண்டு. கரோல் புரூஸ், ஜூடி பியர்சன் என்ற இருவர் 1993-ல் வெளியிட்ட ஆய்வில், தம்பதிகளிடம் இப்படிப்பட்ட சொற்கள் அதிகம் புழங்குவது கல்யாணமான தொடக்கத்தில், பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பு என்று தெரிந்தது. திருப்தியாக வாழ்ந்தவர்களிடம் அவை கூடுதலாகவும் இருந்தன. ஆச்சரியமில்லை. பிள்ளை வந்த பிறகு இருவர் மொழிக்கு மூன்றாவது காது முளைத்துவிடுகிறது. பேச்சும் பால், ஸ்கூல் ஃபீஸ், டியூஷன் என்று ஓடுகிறது. என் மகன் ஆறாவது படிக்கும்போது ஒரு விருந்தில் அப்பாவின் விரல் டம்ளரைத் தள்ளுவதைப் பார்த்துவிட்டு, "அம்மா, அப்பாவுக்குத் தண்ணி வேணுமாம்" என்று கத்தினான். அதற்குப் பிறகு நாலைந்து வருஷம் அது ஏதோ அலமாரியில் கிடந்தது. செத்துவிடவில்லை. இடமில்லாமல் இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு பெரிய அறுவை சிகிச்சை. முடிந்து இரண்டு நாள் வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். உதடு வெடித்திருந்தது. பஞ்சை நனைத்து ஒற்றி ஒற்றி எடுத்தேன். மூன்றாம் நாள் காலை நர்ஸ் வந்து, "ரெண்டு ஸ்பூன் தண்ணி கொடுக்கலாம்மா" என்றார். டம்ளரிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் விட்டேன். விழுங்கினார். கண்ணை மூடிக் கொஞ்சம் இருந்துவிட்டு, காற்றாக ஒரு குரலில் சொன்னார்: "தண்ணி நல்லா இருக்கும்மா."

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் பொய்க்கும் நடிப்புக்கும் மட்டுமே பயன்படுத்திய வாக்கியம். அன்றைக்குத்தான் அது சொன்னதையே பொருளாகக் கொண்டு வந்தது. நான் சிரித்த சிரிப்பில் ஸ்பூன் கீழே விழுந்துவிட்டது. நர்ஸ் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவருக்கு விளக்கியிருக்கலாம். திருச்சியிலிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும், மாமா, புளிக் கிண்ணம், வீணைக் கச்சேரி என்று வந்திருக்க வேண்டும். சொல்லி முடிக்கும்போது அவரும் அந்தக் கல்லூரிப் பெண் மாதிரி மரியாதைக்குப் புன்னகைத்திருப்பார்.

வழக்கமாக இந்தப் பக்கத்தின் கடைசியில், உங்கள் அனுபவங்களை எழுதி அனுப்புங்கள் என்று கேட்பேன். இந்த முறை கேட்கவில்லை. உங்கள் வீட்டுச் 'சாமியாரை' எங்களுக்கு எழுதாதீர்கள். அச்சேறினால் நாங்கள் எல்லாரும் ஒட்டுக்கேட்பவர்கள் ஆகிவிடுவோம், உங்கள் கையில் வெறும் கதைதான் மிஞ்சும்.

அப்படியானால் நீங்கள் மட்டும் எழுதலாமா என்று கேட்பீர்கள். இந்தப் பக்கத்தை முடித்ததும் அவரிடம் படிக்கக் கொடுத்து, அச்சுக்கு அனுப்பலாமா என்று கேட்டேன். "அனுப்பு, அதான் பழசாயிடுச்சே" என்றார். உண்மைதான். அந்த ஆஸ்பத்திரி அறையில், ஸ்பூன் விழுந்த சத்தத்துக்குப் பிறகு நர்ஸ் ஒரு வார்த்தை சொன்னார். இப்போது எங்கள் வீட்டில் ஓடுவது அதுதான். அது இந்தப் பக்கத்தில் இல்லை.

அன்புடன்,
ஆசிரியர்